நோ-லோடில் பவர் ஃபேக்டர் 0.91 வருது: புத்தகம் தப்பா, மோட்டார் தப்பா?

மூன்றாமாண்டு | ஆகஸ்ட் 11, இரவு 9.20

இன்னிக்கு லேபில் மூணு ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு லோடு டெஸ்ட் பண்ணினோம். 5 எச்.பி., 415 வோல்ட், 7.5 ஆம்பியர், பிரேக் டிரம் மாட்டினது. ஆர் ஃபேஸில் ஒரு வாட்மீட்டர், ஒய் ஃபேஸில் ஒரு வாட்மீட்டர், ரெண்டோட பிரஷர் காயிலும் பி-க்குப் போகுது.

நோ-லோடில் 415 வோல்ட், 3.5 ஆம்பியர். முதல் மீட்டர் 227 டிவிஷன், ரெண்டாவது 132. 600 வோல்ட், 5 ஆம்பியர் ரேஞ்ச், ஸ்கேல் 750 வரை, அதனால் ஒரு டிவிஷனுக்கு 4 வாட், அதாவது எம்.எஃப். 4. அப்போ 908 வாட், 528 வாட். ஃபார்முலாவில் போட்டால் பவர் ஃபேக்டர் 0.91.

ஃபுல் லோடில் 7.4 ஆம்பியர், 10 ஆம்பியர் ரேஞ்சுக்கு மாத்தினோம், எம்.எஃப். 8. 383, 169. பவர் ஃபேக்டர் 0.83.

லோடு ஏத்தினால் பவர் ஃபேக்டர் கூடும்னுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. எங்க மோட்டாரில் குறையுது. நாலு தடவை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துட்டேன், அதேதான். புத்தகத்தில் இருக்கிறது ஐடியல் மோட்டாருக்கு மட்டுமா?

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 11, இரவு 9.55

கால்குலேட்டரை ஓரமா வை தம்பி. அந்த 132-க்கு முன்னாடி ஒரு கழித்தல் குறி இருந்திருக்கணும். இருந்துச்சா?

நீ சொல்றதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். வோல்ட்டையும் ஆம்பியரையும் நீயே எழுதியிருக்கே. 1.732 × 415 × 3.5 போடு, 2516 வருது. உன் ரெண்டு வாட்டையும் கூட்டினா 1436. வகுத்தா 0.57. ஒரே மோட்டார், ஒரே நிமிஷம், ஒரே பக்கத்தில் எழுதின நாலு எண். ஒரு வழியில 0.91, இன்னொரு வழியில 0.57. ரெண்டும் சரியா இருக்கவே முடியாது. புத்தகத்து மேல பழி போடறதுக்கு முன்னாடி உன் நோட்டு உன்னோடயே சண்டை போடுதான்னு பார்த்திருக்கணும்.

வைண்டிங் பட்டறை | ஆகஸ்ட் 11, இரவு 10.30

அண்ணே, இந்த ரெண்டு மீட்டர் முறையே பேலன்ஸ்டு லோடுக்குத்தான். மோட்டார் வைண்டிங்ல ஒரு காயில் ஷார்ட் ஆகியிருந்தா மூணு ஃபேஸும் ஒரே கரண்ட் எடுக்காது, அப்போ வாட்டும் தப்பு, பவர் ஃபேக்டரும் தப்பு. காலேஜ் மோட்டாரெல்லாம் பசங்க போட்டுப் போட்டு வதைச்சது. மூணு லைனிலும் டாங் டெஸ்டர் போட்டுப் பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கும். பத்து வருஷமா மோட்டார் கட்டறேன், அனுபவத்துல சொல்றேன்.

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 11, இரவு 11.05

பட்டறைக்காரர் சொல்றதுல பாதி சரி. எந்தப் பாதின்னு நாளைக்கு எழுதறேன், அது சின்ன விஷயம் இல்லை. தம்பி முதல்ல என் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

மூன்றாமாண்டு | ஆகஸ்ட் 12, காலை 7.10

சார், இப்போ ஞாபகம் வருது. மோட்டார் ஓட ஆரம்பிச்சதும் ரெண்டாவது மீட்டர் ஊசி இடப்பக்கம் போய் இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. லேப் அண்ணன் வந்து நிறுத்தச் சொன்னார். பிரஷர் காயிலோட C-யிலயும் V-யிலயும் இருந்த ஒயரை மாத்திப் போட்டார். அப்புறம் 132 காட்டுச்சு. நான் 132-ன்னு எழுதிட்டேன். மாத்திப் போட்டதும் சரியாயிடுச்சுன்னுதான் நினைச்சேன்.

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 12, காலை 7.40

அதேதான். ஒயரை மாத்தினதும் சரியானது ஊசி போற திசை மட்டும்தான். அளக்கிற விஷயம் மாறலை. அந்த மீட்டர் வழியா 528 வாட் கழித்தல் கணக்குல போயிட்டிருந்தது, இப்பவும் அப்படித்தான் போகுது. ஸ்கேலில் இடப்பக்கம் எண் கிடையாதே, படிக்க முடியணும்னு மாத்திப் போட்டோம், அவ்வளவுதான். மாத்தின அந்த நொடியிலேயே நோட்டுல கழித்தல் குறி விழுந்திருக்கணும்.

இப்போ கணக்கை மறுபடி போடுவோம். ஃபார்முலா உனக்குத் தெரிஞ்சதுதான்:

```
tanφ = √3 (W1 − W2) / (W1 + W2)
```

W2 இடத்தில் −528 போடு. கூட்டுத்தொகை 908 − 528 = 380 வாட். வித்தியாசம் 908 + 528 = 1436. நீ பண்ணினதுல மேலயும் கீழயும் இடம் மாறிப் போச்சு பார், அதான் கூத்து. 1.732 × 1436 / 380 = 6.55. கோணம் 81 டிகிரியைத் தாண்டிப் போகுது, கொசைன் 0.15. இப்போ இன்னொரு வழி: 380 / 2516 = 0.15. ரெண்டு வழியும் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தாச்சு.

உன் ஃபுல் லோடு கணக்கு சுத்தம். 3064-ம் 1352-ம் சேர்ந்து 4416 வாட். வோல்ட் ஆம்பியர் வழியிலும் 0.83 வருது, போட்டுப் பார்த்துட்டேன்.

380 வாட்டுங்கிறதையும் யோசி. சும்மா சுத்தற 5 எச்.பி. மோட்டார் 1436 வாட் தின்னா, கொஞ்ச நேரத்துலயே பாடியில கை வைக்க முடியாது. காத்துக்கும் பேரிங்குக்கும் இரும்புச் சூட்டுக்கும் முந்நூறு நானூறு வாட் போதும். இந்த மாதிரி மோட்டார் ஞானம் இருந்தா ஃபார்முலா பக்கம் போகாமலே சந்தேகம் வந்திருக்கும்.

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 12, மதியம் 1.15

சாப்பிட்டு வந்தேன். தம்பியைத் திட்டின மாதிரி ஆயிடுச்சு, அதனால என் கதையையும் சொல்லிடறேன்.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் ஒரு பேட்ச் முழுக்க, முப்பது பேர், நோ-லோடில் 0.9-ன்னு எழுதிக் கொண்டு வந்தாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். முப்பது நோட்டிலும். செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் முதல் நோட்டைப் புரட்டினார், ரெண்டாவதைப் புரட்டினார், மூணாவதை மூடி வச்சிட்டு என்னைக் கூப்பிட்டார். "உங்க மோட்டாரை எங்க காலேஜுக்குக் குடுங்க, கெபாசிட்டர் செலவு மிச்சம்"னார். அந்த வருஷமே கரும்பலகை ஓரத்துல பெயின்ட்டில் எழுதி வச்சேன்: "மாத்தினால் மைனஸ்". நான் ஓய்வு பெற்ற பிறகு வெள்ளையடிச்சு அழிச்சிட்டாங்கன்னு கேள்வி.

இன்னொரு விஷயமும் கவனிக்கணும். நோ-லோடில் மாத்திப் போட்டீங்க இல்ல, லோடு ஏத்த ஏத்த அந்த 132 குறைஞ்சுகிட்டே வந்து பூஜ்யத்துக்கு வரும், அப்புறம் மறுபடி இடப்பக்கம் உதைக்கும். அப்போ ஒயரைப் பழையபடி போடணும், அங்கிருந்து கூட்டல். பூஜ்யம் வர்ற இடத்தில் பவர் ஃபேக்டர் சரியா 0.5. ஏறக்குறைய அரை லோடில் அது வரும்.

நூல்மில் கணக்கு | ஆகஸ்ட் 12, மாலை 4.50

எங்கள் பில்லிலும் 0.91 என்றுதான் வந்திருக்கிறது. இந்த மாதம் மட்டும் இல்லை, மூன்று மாதமாக. கெபாசிட்டர் பேங்க் போட்டும் ஏறவில்லை. எங்கள் மீட்டரிலும் யாராவது ஒயரை மாற்றிப் போட்டிருப்பார்களா? எங்கே புகார் கொடுப்பது?

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 12, மாலை 5.30

ஐயா, இங்க பேசறது ஒரு லேப் மோட்டாரைப் பத்தி. உங்க பில்லுல வர்றது மாசம் முழுக்க ஓடின யூனிட்டை வச்சுப் போட்ட சராசரி. 0.91 வந்தது ரெண்டுக்கும் தற்செயல். முதல்ல பேங்க்ல எத்தனை கெபாசிட்டர் உயிரோட இருக்குன்னு ஆம்பியர் போட்டுப் பாருங்க. ஃபியூஸ் போன கெபாசிட்டர் பேனல்ல அழகா உட்கார்ந்திருக்கும், வேலை செய்யாது.

ஆனா உங்க கேள்வி எனக்கு ஒண்ணை ஞாபகப்படுத்துச்சு. கெபாசிட்டர் அளவுக்கு மீறிப் போனா கரண்ட் வோல்டேஜுக்கு முந்திக்கும். அப்பவும் ரெண்டு மீட்டரும் வேற வேற எண்தான் காட்டும், ஆனா பெரிசு சின்னது இடம் மாறிடும். ஆர் ஃபேஸ் மீட்டர் பெரிசா இருந்தது போய் ஒய் ஃபேஸ் மீட்டர் பெரிசாகும். ஃபேஸ் வரிசை ஆர்-ஒய்-பி-ன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் இதை வச்சு எதுவும் சொல்லலாம். வரிசை திரும்பியிருந்தா எல்லாம் தலைகீழ். வெறும் ரெண்டு எண்ணைக் கையில குடுத்து, இது பிந்துதா முந்துதான்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது. மோட்டார்னா பிந்தும்னு நமக்கே தெரியும், அதனால பெரிசை W1-ன்னு வச்சுக்கறோம்.

சந்தேகம் வந்தா ஒரு சின்ன கெபாசிட்டரைச் சேர்த்துப் பாருங்க. ரெண்டு மீட்டருக்கும் நடுவில இருக்கிற வித்தியாசம் சுருங்கினா பிந்திட்டிருந்தது, விரிஞ்சா ஏற்கெனவே முந்திட்டிருந்தது.

வைண்டிங் பட்டறை | ஆகஸ்ட் 12, இரவு 8.00

பாதி சரின்னு சொல்லிட்டுப் போனீங்க, ஒரு நாள் ஆச்சு. நான் சும்மா சொல்லலை. என் பட்டறையில வார்னிஷ் காய வைக்கிற ஓவன் இருக்கு, மூணு ஹீட்டர் டெல்டாவில. போன மழைக்காலத்துல ரெண்டு ஹீட்டர் போயிடுச்சு, ஒண்ணுதான் எரியுது, ஆருக்கும் பி-க்கும் நடுவுல. தெரிஞ்ச பையன் ஒருத்தன் ரெண்டு வாட்மீட்டர் கொண்டு வந்து மாட்டினான், இதே மாதிரி பி பொதுவா. ஆர் மீட்டர் 1660 காட்டுது, ஒய் மீட்டர் பூஜ்யம். அவன் கணக்குப் போட்டு பவர் ஃபேக்டர் 0.5-ங்கறான். ஹீட்டருக்கு! கம்பிச் சுருளுக்கு 0.5 எப்படி வரும்? அன்னியிலிருந்து இந்த முறை மேல எனக்கு நம்பிக்கை போச்சு.

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 12, இரவு 9.10

இதைத்தான் எழுதறேன்னு சொன்னேன், நீங்களே நல்ல உதாரணம் குடுத்திட்டீங்க.

உங்க ஹீட்டர் 4 ஆம்பியர் எடுத்திருக்கும். 415 × 4 = 1660 வாட். மீட்டர் ரெண்டையும் கூட்டினா 1660 + 0 = 1660. வாட் சுத்தமா சரி. ரெண்டு ஹீட்டர் போய், படுமோசமா சாய்ஞ்ச லோடு, அப்பவும் வாட் சரி. "வாட்டும் தப்பு"ன்னு நீங்க சொன்ன பாதி தப்பு. "பவர் ஃபேக்டர் தப்பு"ங்கிற பாதி சரி.

ஏன்னு பார்த்தா ரொம்ப எளிசு. மூணு ஒயர்தான் உள்ளே போகுது. ஆர் வழியா போனதும் ஒய் வழியா போனதும் சேர்ந்து பி வழியாத்தான் திரும்பணும், வேற வழி கிடையாது. அதனால பி-யைத் தரையா நினைச்சுக்கிட்டு, அதிலிருந்து மத்த ரெண்டு ஒயருக்கும் வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினா, எந்த நொடியிலும் உள்ளே போற சக்தி மொத்தமும் வந்துடும். ஸ்டாரா டெல்டாவா, சமமா சாய்ஞ்சதா, அலை நல்ல சைனா கோணலா, எதுவும் இதுக்குத் தேவையில்லை. ஒயர் எத்தனையோ அதில் ஒண்ணு குறைச்சு மீட்டர் போதும்னு பிளாண்டெல்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1893-லயே சொல்லிட்டுப் போயிட்டார்.

ஆனா டேன்ஜென்ட் ஃபார்முலா வேற சாதி. அது மூணு ஃபேஸிலும் ஒரே கரண்ட், ஒரே கோணம்னு நம்பிக்கிட்டுப் பிறந்தது. உங்க ஓவன்ல ஒய்-யில கரண்டே இல்லை. ஃபார்முலாவுக்கு அது தெரியாது. பூஜ்யத்தைப் பார்த்ததும் 60 டிகிரின்னு சொல்லிடும். ஹீட்டரை ஆருக்கும் ஒய்-க்கும் நடுவில மாத்திப் போட்டுப் பாருங்க, ரெண்டு மீட்டரும் 830, 830 காட்டும், அதே ஃபார்முலா பவர் ஃபேக்டர் 1-ங்கும். ஹீட்டர் அதேதான், ஒயர்தான் மாறுச்சு.

காலிபரேஷன் மேசை | ஆகஸ்ட் 13, காலை 10.20

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயத்துக்கு மட்டும் குறுக்கே வருகிறேன். C-யையும் V-யையும் மாற்றிப் போடுவதை எல்லாரும் சாதாரணமாகப் பேசுகிறீர்கள். எங்களிடம் சரிபார்க்க வரும் வாட்மீட்டர்களில் பிரஷர் காயில் எரிந்து வருபவற்றில் இது ஒரு காரணம்.

ஊசியோடு ஆடுகிற காயில் C பக்கம் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் பெரிய சீரீஸ் ரெசிஸ்டன்ஸ், கடைசியில் V. ஒழுங்காக இணைத்தால் ஆடும் காயிலும் அதைச் சுற்றியிருக்கும் கரண்ட் காயிலும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜில் இருக்கும். C-யையும் V-யையும் மாற்றினால் ஆடும் காயில் எதிர் லைனுக்குப் போய்விடுகிறது. மில்லிமீட்டர் இடைவெளியில் 415 வோல்ட். இன்சுலேஷன் பழசாக இருந்தால் ஒரு நாள் உடைந்துவிடும். உடையாவிட்டாலும் ரெண்டு காயிலுக்கும் நடுவே நிலைமின் ஈர்ப்பு வந்து ரீடிங்கைக் கொஞ்சம் இழுக்கும். மீட்டரில் திருப்புச் சாவி இருந்தால் அதைத் திருப்புங்கள். இல்லையென்றால் சப்ளையை நிறுத்திவிட்டு கரண்ட் காயிலின் M, L ஒயர்களை மாற்றுங்கள்.

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 13, காலை 11.00

மேடம், இருபத்தெட்டு வருஷம் C-V-யைத்தான் மாத்தச் சொல்லியிருக்கேன். நீங்க சொல்ற காரணம் சரி, மறுக்கலை. ஆனா லேபில் என் பயம் வேற. M, L-ல் முழு மோட்டார் கரண்டும் ஓடுது. பையன் அவசரத்துல மோட்டார் ஓடும்போதே அதைக் கழட்டினா முகத்துக்கு நேரா ஆர்க் அடிக்கும். பிரஷர் காயில்ல ஓடறது மில்லி ஆம்பியர், அதைக் கழட்டறவனுக்கு ஆபத்து குறைவு. மீட்டர் போனா வாங்கிக்கலாம், பையன் கண்ணு?

காலிபரேஷன் மேசை | ஆகஸ்ட் 13, காலை 11.25

ஓடும்போது எதையுமே கழட்டக் கூடாது. C-யும் 415 வோல்ட்தான், மில்லி ஆம்பியர் என்று அதற்குத் தெரியாது. சப்ளையை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் M, L-ஐ மாற்றுவதில் என்ன கஷ்டம்?

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 13, மதியம் 12.10

நிறுத்தணும்னுதான் சொல்லுவோம். முப்பது பேரில் ஒருத்தன் நிறுத்த மாட்டான். அந்த ஒருத்தனுக்காகத்தான் என் வாதம். நீங்க மீட்டர் பக்கம் நிக்கறீங்க, நான் பையன் பக்கம் நிக்கறேன், விடுங்க.

மண்டப லைட்டிங் | ஆகஸ்ட் 13, இரவு 10.45

நான் கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டரும் லைட்டும் போடறவன். "எந்த லோடும் சரி"ன்னு லேப் சார் எழுதினதைப் பார்த்து இன்னிக்கு ஒரு மண்டபத்துல ரெண்டு வாட்மீட்டர் மாட்டினேன். மூணு ஃபேஸிலும் ஆளுக்கு ஒரு ஆயிரம் வாட் ஹேலோஜன், நியூட்ரலோட. மூணும் எரியும்போது 3000 காட்டுது, சந்தோஷம். பி-யில இருக்கிறதை மட்டும் எரிய விட்டா ரெண்டு மீட்டரும் பூஜ்யம்! லைட் கண்ணைப் பறிக்குது, மீட்டர் தூங்குது. ஆர் மட்டும் போட்டா 1500. இது என்ன மாயம்?

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 13, இரவு 11.15

மாயம் இல்லை, நியூட்ரல். மூணு ஒயர்னு நான் எழுதினதைத் தாண்டிப் போயிட்டீங்க. உங்க மண்டபத்துல நாலு ஒயர்.

பி-யிலிருந்து நியூட்ரலுக்குப் போற கரண்ட் ரெண்டு கரண்ட் காயிலையும் தொடவே இல்லை, அப்புறம் மீட்டர் எப்படிப் பார்க்கும்? ஆர் லைட்டோட கரண்ட் முதல் மீட்டர் வழியாப் போகுது. ஆனா அந்த மீட்டரோட பிரஷர் காயில் நியூட்ரலைப் பார்க்காம பி-யைப் பார்த்துட்டு நிக்குது. லைட்டுக்குக் கிடைக்கிற வோல்டேஜ் 240, மீட்டர் பார்க்கிறது 415, நடுவில 30 டிகிரி கோணம். 1.732-ஐயும் 0.866-ஐயும் பெருக்கினா ஒண்ணரை. அதான் 1500. ஒய் மட்டும் போட்டாலும் 1500 வரும், ரெண்டாவது மீட்டர்ல. மூணும் எரியும்போது 1500, 1500, பூஜ்யம், மொத்தம் 3000. நியூட்ரல்ல கரண்ட் இல்லாததால தப்பெல்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போச்சு. மண்டபத்துல எப்பவும் மூணு ஃபேஸும் சமமா எரியாது. மூணாவது மீட்டர் வாங்குங்க, மூணோட பிரஷர் காயிலையும் நியூட்ரல்ல கட்டுங்க.

வைண்டிங் பட்டறை | ஆகஸ்ட் 14, காலை 9.30

அப்போ என் ஓவனோட உண்மையான பவர் ஃபேக்டர் என்ன அண்ணே? அதைச் சொல்லாமலே நழுவிட்டீங்க.

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 14, காலை 10.40

நழுவத்தான் செஞ்சேன், கண்டுபிடிச்சிட்டீங்க. ஹீட்டரைத் தனியாப் பார்த்தா 1. லைன் பக்கம் நின்னு ஆர்-ல 240 × 4, பி-ல 240 × 4-ன்னு ஃபேஸ் ஃபேஸா வோல்ட் ஆம்பியரைக் கூட்டினா 1920, 1660-ஐ அதால வகுத்தா கிட்டத்தட்ட 0.866. ஆர் பிந்துது, பி அதே அளவு முந்துது, ரெண்டும் அடிச்சுக்கிட்டுப் போகுதுன்னு வெக்டராக் கூட்டினா மறுபடி 1. சாய்ஞ்ச லோடுக்கு "ஒரே ஒரு பவர் ஃபேக்டர்"னு கேட்டா, எப்படிக் கூட்டறீங்கன்னுதான் திருப்பிக் கேட்கணும். 0.5 மட்டும் எந்தக் கூட்டலிலும் வராது.

காலிபரேஷன் மேசை | ஆகஸ்ட் 14, காலை 11.50

அந்த 0.866-ஐ ஒதுக்கிவிடாதீர்கள். கேபிளும் டிரான்ஸ்பார்மரும் சூடாவது கரண்டால்தான். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இந்த ஓவன் 1 இல்லை.

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 14, இரவு 8.20

தம்பி, மறுபடி டெஸ்ட் பண்ண விடறாங்களா? விட்டா நோ-லோடுக்கு லோ பவர் ஃபேக்டர் வாட்மீட்டர், அதான் எல்.பி.எஃப்., கேளு. காரணம் இது: 908-லிருந்து 528-ஐக் கழிச்சு 380 வருது. பெரிய ரெண்டு எண்ணைக் கழிச்சு வர்ற சின்ன எண். உன் மீட்டர் 3000 வாட் ஃபுல் ஸ்கேல். 0.5 கிளாஸ்னா ஒவ்வொண்ணும் 15 வாட் தப்பலாம், ரெண்டும் சேர்ந்தா 30. முந்நூத்தெண்பதில் முப்பது போனா என்ன மிச்சம்? 600 வோல்ட், 5 ஆம்பியர், 0.2 எல்.பி.எஃப். மீட்டர்னா ஃபுல் ஸ்கேல் 600 வாட்தான், தப்பும் ஐந்தில் ஒண்ணு.

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 15, காலை 6.05

படுத்த பிறகு உறைச்சது. மேலே எழுதினதைச் செய்யாதே! 600 வாட் மீட்டர்ல 908 வாட் வந்தா ஊசி வலப்பக்கம் போய் முட்டிக்கும். மோட்டாரோட பவர் ஃபேக்டர் 0.15, ஆனா முதல் மீட்டர் பார்க்கிற கோணம் 81-லிருந்து 30 கழிச்சு 51 டிகிரி. அதோட கொசைன் 0.62. எல்.பி.எஃப். மீட்டருக்கு அது "லோ"வே இல்லை. கரண்ட் 3.5-தானேன்னு 5 ஆம்பியர் ரேஞ்ச் போட்டா மாட்டிக்குவே. 10 ஆம்பியர் ரேஞ்ச் போடு, ஃபுல் ஸ்கேல் 1200 வாட் ஆகும், 908 உள்ளே அடங்கும். தப்பு ஒவ்வொண்ணுக்கும் 6 வாட், மொத்தம் 12. முப்பதுக்கு இது எவ்வளவோ மேல்.

இருபத்தெட்டு வருஷம்னு பெருமையடிச்சவன் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து கணக்குப் போட்டிருக்கேன்.

நூல்மில் கணக்கு | ஆகஸ்ட் 16, மாலை 3.15

பன்னிரண்டு கெபாசிட்டரில் ஐந்துக்கு ஃபியூஸ் போயிருக்கிறது. எலக்ட்ரீஷியன் லீவு.

மூன்றாமாண்டு | ஆகஸ்ட் 18, இரவு 7.50

இன்னிக்கு மறுபடி பண்ணினோம் சார். எல்.பி.எஃப்., 10 ஆம்பியர் ரேஞ்ச், ஸ்கேல் 150, எம்.எஃப். 8. நோ-லோடில் 113.5, மாத்தின பிறகு 66. நோட்டுல "−66"-ன்னு சிவப்புப் பேனாவில எழுதினேன். 908, −528. அதே 0.15.

அப்புறம் சாதா வாட்மீட்டர் மாட்டி, மாத்திப் போட்டபடியே லோடு ஏத்தினோம். பெல்ட்டை ஒவ்வொரு சுற்றா இறுக்கினேன், நண்பன் டிரம்முக்குத் தண்ணி ஊத்தினான். ரெண்டாவது ஊசி இறங்கிக்கிட்டே வந்து பூஜ்யத்துல நின்னப்போ நிறுத்தி எல்லாத்தையும் படிச்சோம். 415 வோல்ட், 4 ஆம்பியர், முதல் மீட்டர் 360 டிவிஷன், எம்.எஃப். 4, 1440 வாட். 1.732 × 415 × 4 = 2875. வகுத்தா 0.50.

ஆனா சார், அரை லோடில் வரும்னு சொன்னீங்க. ஸ்பிரிங் பேலன்ஸை வச்சு அவுட்புட் போட்டா ஆயிரம் வாட்டுக்குப் பக்கம்தான் வருது. 3700-ல் அது அரை இல்லையே.

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 18, இரவு 8.30

இல்லைதான். கால்வாசியைக் கொஞ்சம் தாண்டின இடம். நான் அரை பவர் ஃபேக்டரையும் அரை லோடையும் ஒண்ணாக் குழப்பி எழுதிட்டேன். உன் நோ-லோடு ஆம்பியர் 3.5, பூஜ்யம் வந்த இடத்தில் 4, ஆம்பியர் பெரிசா நகரவே இல்லை பார். காந்தமாக்கற கரண்ட் அப்படியே இருக்கு, வாட் மட்டும் 380-லிருந்து 1440-க்கு ஏறியிருக்கு. அதனாலதான் இவ்வளவு சீக்கிரமே 0.5-ஐத் தொட்டுடுது.

பூஜ்யத்தைத் தாண்டினதும் ஒயரைத் திருப்பிப் போட்டியா?

மூன்றாமாண்டு | ஆகஸ்ட் 18, இரவு 8.45

போட்டோம் சார். M, L-ஐ. சப்ளையை நிறுத்திட்டு.

காலிபரேஷன் மேசை | ஆகஸ்ட் 18, இரவு 9.00

கேட்டீர்களா, லேப்காரரே?

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 18, இரவு 9.10

கேட்டேன் கேட்டேன். முப்பது பேரில் இவன் ஒருத்தன். மத்த இருபத்தொன்பது பேரையும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.